உள்ளங்கையில் கொப்புளம், வாயில் புண்: நேர்சரிப் பிள்ளையை எத்தனை நாள் வீட்டில் வைப்பது, எப்போது வைத்தியசாலைக்குக் கொண்டு போவது?

ஒரு திங்கட்கிழமை காலை, கொஸ்லந்தையில் எனக்குத் தெரிந்த நேர்சரி ஒன்றின் பெற்றோர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு படம் வந்தது. சிறு பிள்ளையின் உள்ளங்கை. அதில் நாலைந்து சிவந்த புள்ளிகள். இரண்டு புள்ளிகளின் நடுவில் அரிசி அளவில் சாம்பல் நிறக் கொப்புளம். கீழே "இது என்ன டீச்சர்?" என்று மட்டும் பிள்ளையின் உம்மா கேட்டிருந்தார். நுளம்புக் கடி என்றார் ஒருவர். கொப்புளிப்பான் என்றார் இன்னொருவர். உடம்புச் சூடு, இளநீர் கொடுங்கள் என்று ஒரு உம்மம்மா குரல் பதிவு அனுப்பினார். பத்து மணியாகும்போது யாரோ கேரளாவின் தக்காளிக் காய்ச்சல் பற்றிய பழைய செய்தியொன்றைப் பகிர்ந்துவிட்டார். அதன் பிறகு குழுமத்தில் யாரும் நிதானமாகப் பேசவில்லை.

அந்தச் செய்தி 2022ஆம் ஆண்டினுடையது. அந்த வருடம் மே மாதம் கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் சிவந்த கொப்புளங்களும் வந்தன. ஜூலை மாதக் கடைசிக்குள் அங்குள்ள அரச வைத்தியசாலைகளில் 82 பிள்ளைகள் கண்டறியப்பட்டார்கள். கொப்புளங்கள் சிவந்து திரண்டு இருந்ததால் மக்கள் அதைத் தக்காளிக் காய்ச்சல் என்றார்கள். தக்காளிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தமிழ்நாட்டு அதிகாரிகள் வாளையார் எல்லையில் வாகனங்களை நிறுத்திப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். இது புதிய வைரஸா, டெங்கு அல்லது சிக்குன்குன்யாவின் பின்விளைவா என்று மருத்துவச் சஞ்சிகைகளிலும் எழுதினார்கள். கேரளாவுக்கு விடுமுறையில் போய் பிரித்தானியா திரும்பிய ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளுக்கும் இதே கொப்புளங்கள் வந்தபோது அங்கே மாதிரி எடுத்துப் பரிசோதித்தார்கள். கிடைத்தது கொக்சாக்கி ஏ16 என்ற பழைய வைரஸ். கை, கால், வாய் நோயை உலகம் முழுவதும் பல தசாப்தங்களாக உண்டாக்கி வருவது அதுதான்.

குழுமத்தில் வந்த உள்ளங்கையும் அதே நோய்தான். மர்மம் எதுவும் இல்லை. ஆனால் பெற்றோர் மூன்று விஷயங்களில் தடுமாறுகிறார்கள். இதை எப்படி அடையாளம் காண்பது, எத்தனை நாள் மற்றவருக்குத் தொற்றும், எந்த நேரத்தில் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பவை அவை. அந்தப் பிள்ளையின் கதையையே நாள் வாரியாகச் சொல்கிறேன். உம்மாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

பிள்ளைக்கு மூன்றரை வயது, நிறை 12 கிலோ. வியாழக்கிழமை காலை எழும்பும்போதே உடம்பு இலேசாகச் சுட்டது. சாப்பாடு வேண்டாம் என்றது, தொண்டை நோகுது என்றது. அன்று கலைவிழாவுக்கான ஒத்திகை. பரசிட்டமோல் பாணி கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது, நேர்சரிக்கு அனுப்பினார்கள். இதைச் சொல்லும்போது அந்த உம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஒத்திகைக்கு வராத பிள்ளைக்குப் பாட்டில் இடமில்லை என்று சொல்லிவைத்தது நாங்கள்தான்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் 38.5 பாகை. சனிக்கிழமை காய்ச்சல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் பிள்ளை பால் போத்தலை வாயில் வைத்ததும் தள்ளிவிட்டு அழுதது. வாய்நீர் வடிந்து சட்டை நனைந்தது. பல் முளைக்கிற வயது தாண்டிவிட்டதே என்று உம்மா யோசித்திருக்கிறார், வாய்க்குள் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது. அன்று மாலை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளிகள் வந்தன. குளிப்பாட்டும்போது பின்பக்கத்திலும் முழங்காலிலும் சில தெரிந்தன. திங்கட்கிழமை படம் குழுமத்துக்கு வந்தது.

இந்த ஒழுங்குதான் இந்த நோயின் அடையாளம். முதலில் ஒன்றிரண்டு நாள் இலேசான அல்லது நடுத்தரக் காய்ச்சலும் தொண்டை நோவும் இருக்கும். பிறகு நாக்கு, கன்னத்தின் உட்பக்கம், மேல் அண்ணம் ஆகிய இடங்களில் சிவந்த புள்ளி தோன்றி, கொப்புளமாகி, உடைந்து புண்ணாகும். கைகாலில் புள்ளிகள் பெரும்பாலும் அதன் பிறகே வரும். சில பிள்ளைகளுக்கு வாயில் மட்டும் வரும், சிலருக்குக் கையில் மட்டும் வரும். கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. மங்கிய புள்ளியாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும், தடவிப் பார்த்தால்தான் தட்டுப்படும். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்றுத் தந்தார்கள். ஒரு பிள்ளையை வெளிச்சத்துக்குத் திருப்பி, வாயைத் திறக்கச் சொல்லி, டோர்ச் அடித்துப் பார்க்க யாரும் கற்றுத் தரவில்லை. காய்ச்சலோடு வாய்நீர் வடிக்கிற பிள்ளைக்கு முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

கொப்புளிப்பானோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். கொப்புளிப்பான் நெஞ்சு, முதுகு, முகம், தலைமயிருக்குள் என்று உடம்பின் நடுவில் அதிகம் வரும். கடுமையாக அரிக்கும். புதுப் புள்ளியும் நீர் கோத்த கொப்புளமும் காய்ந்த பொருக்கும் ஒரே நேரத்தில் இருக்கும். கை, கால், வாய் நோயில் உள்ளங்கையும் உள்ளங்காலும்தான் முக்கியம். அரிப்பு குறைவு, வாய் நோவுதான் அதிகம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மாடுகளுக்கு வரும் கால்வாய் நோய் வேறு, இது வேறு. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் வைரஸ் வேறு. மாட்டிறைச்சியாலோ பாலாலோ இந்த நோய் பிள்ளைக்கு வராது. அந்தத் திங்கட்கிழமை ஒருவர், வீட்டில் கட்டியிருக்கும் குர்பான் மாட்டை என்ன செய்வது என்று என்னிடம் தனியாகக் கேட்டார். மாடு பாவம், அதற்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்றேன்.

எத்தனை நாள் தொற்றும்?

வியாழக்கிழமை ஒத்திகையில் அந்தப் பிள்ளை ஏனைய பிள்ளைகளோடு கைகோத்து ஆடியது. ஒரே கோப்பையில் தண்ணீர் குடித்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளைக்கும் புதன்கிழமை இன்னொரு பிள்ளைக்கும் காய்ச்சல் வந்தது. வைரஸ் உடம்புக்குள் போய் நோய் வெளிப்பட வழக்கமாக 3 முதல் 6 நாட்கள் எடுக்கும். வியாழனிலிருந்து எண்ணிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். ஒரு பிள்ளைக்கு நோய் என்று தெரிந்தால், அதோடு விளையாடிய பிள்ளைகளை அடுத்த ஒரு வாரம் கவனிக்க வேண்டும் என்பதன் காரணமும் இதுதான்.

வைரஸ் மூன்று வழியாக வெளியே வருகிறது. எச்சில், மூக்குச்சளி, இருமல் துளி என்பவை முதல் வழி. கொப்புளத்தின் நீர் இரண்டாவது. மலம் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் கால அளவு ஒன்றல்ல, பெற்றோர் குழம்புவது இங்கேதான்.

அதிகமாகத் தொற்றும் காலம் நோயின் முதல் வாரம். காய்ச்சல் தொடங்கும் நாளிலேயே, ஏன், அதற்குச் சற்று முன்பே பிள்ளையின் எச்சிலில் வைரஸ் இருக்கும். கையில் கொப்புளம் தெரியும் வரை காத்திருந்து பிள்ளையை நிறுத்தினால் மூன்று நான்கு நாள் பிந்திவிட்டோம் என்று அர்த்தம். அதனால்தான் நேர்சரி வாசலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி காய்ச்சல் பற்றியதாக இருக்க வேண்டும், கொப்புளம் பற்றியதாக அல்ல. காலையில் பரசிட்டமோல் கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளை தொட்டால் சுடாது, ஆனால் தொற்றும்.

கொப்புள நீரால் தொற்றும் ஆபத்து, கொப்புளங்கள் காய்ந்ததும் முடிந்துவிடும். தொண்டையில் வைரஸ் ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை இருக்கலாம். மலத்தில் மட்டும் பல வாரம் தங்கும், சில பிள்ளைகளில் ஒரு மாதத்துக்கு மேலும் இருக்கும். அப்படியானால் பிள்ளையை இரண்டு மாதம் வீட்டில் வைப்பதா? தேவையில்லை, அது நடக்கவும் நடக்காது. வைரஸ் உடம்பிலிருந்து முற்றாகப் போன பிறகே நேர்சரிக்கு வரலாம் என்று சட்டம் போட்டால் முன்பள்ளிகள் வெறிச்சோடிப் போகும். அதோடு, நோய் அறிகுறி எதுவும் இல்லாமலே வைரஸைச் சுமக்கும் பிள்ளைகளும் பெரியவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள்.

ஆகவே நடைமுறை இரண்டு பகுதியாக இருக்க வேண்டும். முதல் பகுதி வீட்டில் நிறுத்துவது. நோய் தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம். கேரளாவின் நோயின்போது இந்திய சுகாதார அமைச்சும் 5 முதல் 7 நாள் தனிமைப்படுத்தும்படிதான் சொன்னது. ஆனால் நாட்காட்டியை மட்டும் பார்க்காதீர்கள். மருந்து கொடுக்காமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறதா, வாய்ப்புண் ஆறி வாய்நீர் வடிவது நின்றதா, கொப்புளங்கள் காய்ந்தனவா, வழக்கம்போல் சாப்பிட்டு விளையாடுகிறதா என்று பாருங்கள். நம் பிள்ளைக்கு வியாழக்கிழமை தொடங்கியது, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வாய் ஆறியது. அதற்கடுத்த திங்கட்கிழமை நேர்சரிக்கு வந்தது. தோலில் காய்ந்த அடையாளம் மட்டும் இருந்தால் அதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை.

இரண்டாவது பகுதி மலசலகூடம். பிள்ளை திரும்பி வந்த பிறகும் ஒன்றிரண்டு மாதம் கவனம் வேண்டும். தண்ணீரால் கழுவிச் சுத்தம் செய்வது நமது வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் நேர்சரியில் பிள்ளையைக் கழுவி விடும் உதவியாளரின் கையில் வைரஸ் ஒட்டும். அந்தக் கை தண்ணீர்க் கோப்பையின் பிடியைத் தொடும், குழாயைத் தொடும், அடுத்த பிள்ளையைத் தொடும். வெறும் தண்ணீர் இதற்குப் போதாது. ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் சவர்க்காரம் போட்டு 20 வினாடி கழுவ வேண்டும், பிள்ளையின் கையையும் கழுவ வேண்டும். கொரோனா காலத்தில் பழகிய செனிடைசரை இதற்கு நம்பாதீர்கள். கொரோனா வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புறை இருந்தது, மதுசாரம் அதை உடைத்தது. இந்த வைரஸுக்கு அந்த உறை இல்லை, மதுசாரத்துக்கு அவ்வளவு எளிதில் மசியாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் அதைக் கையிலிருந்து உரித்துக் கழுவிவிடும்.

விளையாட்டுப் பொருள், மேசை, கதவுப் பிடி ஆகியவற்றை முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு ப்ளீச் கரைசலால் துடைக்கலாம். கடையில் கிடைக்கும் 5 வீத ப்ளீச் திரவத்தில் 20 மில்லிலீட்டர், அதாவது நான்கு தேக்கரண்டி, ஒரு லீட்டர் தண்ணீருக்குப் போதும். பத்து நிமிடம் விட்டு, பிள்ளைகள் வாயில் வைக்கும் பொருளென்றால் நல்ல தண்ணீரால் அலசி வெயிலில் காயவிடுங்கள். அன்றைக்கன்று கரைத்ததையே பாவியுங்கள். வேறு துப்புரவு மருந்து எதனோடும் கலக்க வேண்டாம், நச்சு வாயு வரும்.

நம்மவர்களிடம் நான் கண்ட ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. காலையில் நேர்சரிக்கு அனுப்பாத பிள்ளையை மாலையில் குர்ஆன் மத்ரஸாவுக்கு அனுப்புகிறார்கள். "ஓதத்தானே போகுது" என்கிறார்கள். அங்கே ஒரே பாயில் நெருங்கி உட்கார்ந்து, ஒரே ஹவ்ளில் கை நனைத்து, ஒரே கிதாபை விரலால் தொட்டு ஓதுகிறார்கள். வைரஸுக்கு நேர்சரியும் மத்ரஸாவும் ஒன்றுதான். கொள்ளை நோய் பரவியிருந்த ஷாம் தேசத்துக்குள் நுழையாமல் உமர் (ரழி) அவர்கள் வழியிலிருந்தே திரும்பிய வரலாற்றைப் படித்துக் கொடுப்பவர்கள் நாம். ஓதிப் பார்த்த தண்ணீரைக் கொடுப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும், பிள்ளைக்குத் தனிக் கோப்பையில் கொடுத்தால் போதும். சுகம் விசாரிக்க வருகிறவர்கள் தங்கள் சிறு பிள்ளைகளை வீட்டில் விட்டு வரட்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளின் நிலை வேறு. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு. தாய் கொழுந்து எடுப்பவர். ஒரு வாரம் வீட்டில் நின்றால் ஒரு வாரச் சம்பளம் போகும். வீட்டில் வைக்க முடியாவிட்டால் பிள்ளை போவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துக்கு. அங்கே இதைவிடச் சிறிய, பால்குடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். "ஒரு வாரம் அனுப்பாதீர்கள்" என்று எங்களால் இலகுவாகச் சொல்லிவிட முடியும், அந்தத் தாயால் இலகுவாகச் செய்ய முடியாது. கடைசியில் முதல் மூன்று நாள் அவர் நின்றார், பிறகு பாட்டி வந்து பார்த்துக்கொண்டார். எல்லாவற்றிலும் பயங்கரமாகத் தொற்றும் நாட்களைக் கடக்க அது உதவியது. முழு வாரமும் முடியாதென்றால் காய்ச்சல் உள்ள நாட்களையும் வாய்நீர் வடியும் நாட்களையுமாவது காப்பாற்றுங்கள் என்பதுதான் அவரிடம் நான் கேட்டது.

வீட்டில் என்ன செய்வது?

திங்கட்கிழமை உம்மா பிள்ளையைக் கொஸ்லந்த வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குக் கொண்டு போனார். வைத்தியர் வாய், கை, பாதம், பின்பக்கம் பார்த்தார். கை, கால், வாய் நோய் என்றார். அன்ரிபயோட்டிக் எழுதவில்லை. உம்மாவுக்கு அது ஏமாற்றம், "மருந்தே தரல்ல" என்று என்னிடம் சொன்னார். வைரஸ் நோய்க்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது, தராததுதான் சரியான வைத்தியம். இந்த நோய் தானாக 7 முதல் 10 நாளில் சுகமாகும். நாம் செய்ய வேண்டியது வலியைக் குறைப்பதும் தண்ணீர் குறையாமல் பார்ப்பதும்தான்.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பரசிட்டமோல் மட்டும். அளவு வயதுக்கல்ல, நிறைக்கு. ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. 12 கிலோ பிள்ளைக்கு அது 180 மில்லிகிராம். 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியென்றால் ஏழரை மில்லிலீட்டர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. போத்தலில் எழுதியிருக்கும் செறிவைப் பாருங்கள், எல்லாப் பாணியும் ஒன்றல்ல. இபுபுரோஃபன், அஸ்பிரின் போன்றவற்றைக் கொடுக்காதீர்கள். நமது நாட்டில் எந்தக் காய்ச்சலும் டெங்காக இருக்கலாம், டெங்கில் இவை இரத்தப் போக்கைக் கூட்டும்.

சாப்பாட்டைப் பற்றி நான்கு நாள் கவலைப்படாதீர்கள், குடிப்பதைப் பற்றிக் கவலைப்படுங்கள். 12 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லீட்டர் திரவம் வேண்டும். கோப்பையை நீட்டினால் தள்ளிவிடும். பார்மசியில் ஊசியில்லாத 10 மில்லிலீட்டர் சிரிஞ்ச் வாங்கி, கன்னத்தின் ஓரமாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மெதுவாக விட்டால் ஒரு மணித்தியாலத்தில் 120 மில்லிலீட்டர் உள்ளே போயிருக்கும். அந்த உம்மா இதைத்தான் செய்தார். குளிர்ந்த தண்ணீர், ஆறிய அரிசிக் கஞ்சி, குளிர்ந்த பால், தயிர், தெம்பிலி எல்லாம் நல்லது. வாய்ப்புண் நேரத்தில் ஐஸ்கிரீம் கொடுத்தால் தடிமன் பிடிக்கும் என்று தடுக்காதீர்கள், குளிர் வலியை மரத்துப்போக வைக்கும். தோடம்பழம், அன்னாசி, தேசிக்காய், உறைப்பு, சூடான தேத்தண்ணீர் எல்லாம் புண்ணில் எரியும். பரசிட்டமோல் கொடுத்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு குடிக்கக் கொடுத்தால் பிள்ளை இன்னும் கொஞ்சம் ஒத்துழைக்கும். கொப்புளங்களை ஊசியால் உடைக்க வேண்டாம். வாய் மரத்துப்போகும் ஜெல் வகைகளை வைத்தியரைக் கேட்காமல் பூச வேண்டாம்.

எப்போது வைத்தியசாலைக்கு?

பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலேயே சுகமடைகிறார்கள். ஆனால் இந்த நோய்க்கு இன்னொரு முகமும் உண்டு. 1997இல் மலேசியாவின் சரவாக்கிலும் 1998இல் தாய்வானிலும் என்டரோவைரஸ் 71 என்ற இனம் இதே கொப்புளங்களோடு பரவியது. தாய்வானில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது, 405 பேர் கடும் நோயாளியானார்கள், 78 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள். விகிதமாகப் பார்த்தால் மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் காட்டிய அடையாளங்கள் இன்று எல்லா வைத்தியர்களும் தேடும் அடையாளங்கள். கொப்புளம் எத்தனை என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. உடம்பு முழுவதும் கொப்புளம் வந்த பிள்ளை ஓடி விளையாடலாம், நாலு புள்ளி வந்த பிள்ளைக்கு மூளையில் அழற்சி இருக்கலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது உறக்கம். தூங்கப் போகும்போதோ தூக்கத்திலோ பிள்ளை யாரோ பயமுறுத்தியதுபோல் கைகாலை உதறித் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழும்பினால், அது திரும்பத் திரும்ப நடந்தால், "கனவு கண்டிருக்கும், திருஷ்டி பட்டிருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். மூளைத்தண்டு பாதிக்கப்படுவதன் ஆரம்ப அடையாளம் அது. அதோடு, விடாத வாந்தி, தள்ளாடிய நடை, எழுப்பினாலும் கண் திறக்காத சோர்வு, கழுத்து விறைப்பு, வலிப்பு, வேகமான மூச்சு, கைகால் குளிர்ந்து வியர்த்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கொண்டு போக வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. இந்த அடையாளங்கள் பெரும்பாலும் நோயின் முதல் சில நாட்களுக்குள்ளேயே வரும்.

இரண்டாவது தண்ணீர்க் குறைவு. ஆறு முதல் எட்டு மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், நாக்கு காய்ந்து கண் குழி விழுந்தால், சிரிஞ்சாலும் குடிக்க மறுத்தால் அன்றே போக வேண்டும். வைத்தியசாலையில் சேலைன் ஏற்றினால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது, வீட்டில் பிந்தினால்தான் பெரிதாகும்.

மூன்றாவது காய்ச்சல். 39 பாகைக்கு மேல் போனாலோ மூன்றாவது நாளும் விடாவிட்டாலோ காட்ட வேண்டும். கொப்புளம் இருக்கிறது, ஆகவே டெங்கு இல்லை என்று நாமே தீர்மானிக்கக் கூடாது. இரத்தப் பரிசோதனை தேவையா என்பதை வைத்தியர் சொல்லட்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நாள் எண்ணவே வேண்டாம், உடனே போங்கள். பிரசவத் திகதியை நெருங்கிய தாய்மார் வீட்டில் இந்த நோய் இருந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி வையுங்கள். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் அது கடுமையாக இருக்கலாம்.

நமது மலையில் இன்னொரு கணக்கும் உண்டு. மேல் டிவிஷன் லயத்திலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்குவதே ஒரு பயணம், அங்கிருந்து தியத்தலாவைக்கோ பதுளைக்கோ அனுப்பினால் பனிமூட்டத்தில் இன்னொரு பயணம். இரவு பதினொரு மணிக்கு முச்சக்கர வண்டி தேடுவது எப்படி என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அதனால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிள்ளையை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். மதியத்திலிருந்து சிறுநீர் போனதா, எவ்வளவு குடித்தது, நடக்கச் சொன்னால் நேராக நடக்கிறதா? சந்தேகமென்றால் வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள். இரவில் மேலே சொன்ன அடையாளங்கள் வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் கடைசியாக மருந்து கொடுத்த நேரத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமைப் பிள்ளைக்கும் புதன்கிழமைப் பிள்ளைக்கும் நோய் இலேசாகவே முடிந்தது. முதல் பிள்ளையின் எட்டு மாதத் தம்பிக்கும் வந்தது, ஒரு நாள் குடிக்காமல் வைத்தியசாலையில் இருந்து திரும்பினான். நேர்சரியில் பொதுக் கோப்பையை எடுத்துவிட்டு ஆளுக்கொரு போத்தல் கொண்டுவரச் சொன்னார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். கலைவிழாவை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள், ஒத்திகைக்கு வராவிட்டால் இடமில்லை என்ற விதியும் போனது. ஒரு தடவை வந்தால் இனி வராது என்றும் இருக்க முடியாது. இதை உண்டாக்கும் வைரஸ்கள் பல, ஒன்றுக்கு வரும் எதிர்ப்பு மற்றதைத் தடுக்காது.

ஐந்து வாரத்துக்குப் பிறகு அந்த உம்மா மீண்டும் என்னிடம் வந்தார், முகம் வெளுத்திருந்தது. கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே பிள்ளையின் பெருவிரல் நகம், முழுதாகக் கழன்று விழுந்திருந்தது. இந்த நோய்க்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு மாதத்துக்குள் கைகால் நகங்கள் அடியிலிருந்து பிரிந்து விழும், வலிக்காது, மருந்து தேவையில்லை. பிள்ளையின் விரலைப் பிடித்துப் பார்த்தேன். அடியில் புது நகம் மெல்லிய வெள்ளையாக ஏற்கெனவே முளைத்திருந்தது.